‘வர்றேன்’ என்ற சொல்லுக்கும் கம்பெனி வாசலுக்கும் இடையில்

வேலைக்குச் சம்மதம் சொன்னவர் சேரும் நாளன்று ஏன் வராமல் போகிறார்? ஆஃபர் கொடுத்த நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவில் கம்பெனி பேச வேண்டிய பேச்சு எது? காஞ்சிபுரத்துத் தறிவீடுகளிலிருந்து தொழிற்பேட்டை வரை ஒரு பார்வை.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஆளைத் தக்கவைக்க ஒரு பழைய வழி இருந்தது. அதற்குப் பெயர் முன்பணம். மகள் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, வீட்டுக்கு ஓடு மாற்றவோ நெசவாளர் பட்டு முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார். அந்தக் கடன் தீரும்வரை அவர் தறியில் அந்த முதலாளியின் பாவுதான் ஏறும். வேறொருவர் கூலி கூட்டித் தருகிறேன் என்றாலும் போக முடியாது. கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பிய வீடுகளும் இருந்தன. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. இத்தனைக்கும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அந்தப் பழைய ஏற்பாட்டில் ‘நாளைக்கு ஆள் வருவாரா?’ என்ற கேள்விக்கே இடமில்லை. வராமல் இருக்கும் உரிமை அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

அதே வீடுகளின் பிள்ளைகள் இன்று டிப்ளமோவோ டிகிரியோ முடித்து, ஊரிலிருந்து 25 முதல் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் கண் தறியை விட்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பியது. அங்கே முன்பணம் கிடையாது. ஒரு ஆஃபர் லெட்டர், அதற்கு ஒரு சம்மதம், சேர வேண்டிய தேதி. இந்த மூன்றையும் நம்பித்தான் கம்பெனி பஸ்ஸில் இடம் ஒதுக்குகிறது, சீருடை எடுத்து வைக்கிறது, பயிற்சி வகுப்பைத் திட்டமிடுகிறது. திங்கட்கிழமை காலை பார்த்தால் இருபது பேர் வரவேண்டிய இடத்தில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். மீதி ஐந்து பேரின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அல்லது ஸ்விட்ச் ஆஃப்.

இப்படி வராமல் போகிறவர்களைப் பற்றி ஆள் எடுப்பவர்கள் மத்தியில் இரண்டு பேச்சுகள் உண்டு. இந்தத் தலைமுறைக்கு வாக்குச் சுத்தம் இல்லை என்பது ஒன்று. அடிக்கடி போன் செய்து ‘வருவீங்கதானே?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சம்மதம் சொன்ன நாளில் முடிவு முழுமையாவதில்லை. அதன் பிறகுதான் வீடு, தறி, பஸ், ஷிப்ட், சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் பேச்சுதான் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். தீர்க்க முடியாதபோது, ‘வரலைங்க’ என்று முன்கூட்டியே சொல்ல அவருக்குத் தைரியம் தரும்.

சம்மதத்துக்குப் பின் வரும் கரைவு

வேலை விஷயத்தில் புதிராகத் தெரியும் இதைக் கல்வித் துறையில் சிலர் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைத்து, சேருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மாணவர்களில் ஒரு பகுதியினர், கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது வருவதே இல்லை. பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கோடைக்கால உருகல் என்ற பெயரில் விரிவாக எழுதினார்கள். அவர்கள் கண்டது, பெரும்பாலான மாணவர்கள் மனம் மாறியவர்கள் இல்லை என்பதுதான். ஒரு படிவம் புரியவில்லை, ஒரு கட்டணத்துக்கு வழி தெரியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. பள்ளி முடிந்துவிட்டது, கல்லூரி இன்னும் தொடங்கவில்லை. நடுவில் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்க யாருமில்லை. சம்மதம் கொடுத்துவிட்டு, சேரும் நாள்வரை காத்திருக்கும் நம்மூர் இளைஞரின் நிலையும் இதேதான். படித்த இடம் கைகழுவிவிட்டது. வேலை கொடுத்த இடம் இன்னும் கைகொடுக்கவில்லை.

அவர்கள் செய்து பார்த்த பரிகாரம் எளிமையானது. கோடை முழுவதிலும் பத்து குறுஞ்செய்தி அளவில் அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் அந்த மாணவர் அடுத்து செய்ய வேண்டிய ஒரு வேலையை நினைவூட்டியது. ஆலோசகரிடம் பேச வேண்டுமா என்று கேட்டது. பதில் அனுப்பினால் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். ஒரு மாணவருக்கு ஆன செலவு சுமார் 7 டாலர். உதவி அதிகம் கிடைக்காத மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரங்களில் சேர்ந்தவர்களின் பங்கு சுமார் 7 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. மாணவர்களுக்கு ஏற்கனவே பல உதவி அமைப்புகள் இருந்த பாஸ்டனில் பெரிய மாற்றம் தெரியவில்லை. உதவி இல்லாத இடத்தில்தான் செய்திக்குப் பலன் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, ஒரு மென்பொருள் வாங்கி எல்லோருக்கும் தானாகவே செய்தி போகும்படி வைத்தால் போதும் என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம். பிற்பாடு காசில்மனும் வேறு சிலரும் சேர்ந்து, கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் செய்திகளை 8 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு, மாநில, தேசிய அமைப்புகளின் பெயரில் அனுப்பிச் சோதித்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: பலன் ஏதுமில்லை. உள்ளூரில் தெரிந்த இடத்திலிருந்து, பதில் சொல்ல ஆளோடு வந்த செய்தி ஆளை நகர்த்தியது. முகம் தெரியாத அமைப்பிடமிருந்து மொத்தமாக வந்த செய்தி யாரையும் அசைக்கவில்லை. ‘எங்கள் குடும்பத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று வாழ்த்துப் படத்தோடு வாரம் ஒன்று அனுப்பும் கம்பெனிகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஒரு தறிவீடு, நான்கு அழைப்புகள்

இதைக் காஞ்சிபுரத்தில் வைத்துப் பார்க்க ஒரு எடுத்துக்காட்டு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் குடும்பம். மகள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி வேலைக்கு ஆஃபர் வந்தது, சம்மதம் அனுப்பிவிட்டாள். சேர இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. கம்பெனியின் கணினியில் அவள் பெயருக்கு நேராகப் பச்சை நிறம். வீட்டு நிலவரம் வேறு. அப்பாவின் தறியில் இருப்பது கோர்வைச் சேலை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கக் கரைக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். அந்தத் துணை, படித்துக்கொண்டிருந்தபோதும் விடுமுறைகளில், இந்த மகள்தான். பாவு ஏறிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கே பத்து நாளிலிருந்து மூன்று வாரம்வரை ஆகும்.

முதல் அழைப்பு சம்மதம் வந்த இரண்டு நாளுக்குள் போக வேண்டும். அப்போதுதான் வீட்டில் விஷயம் பேசப்பட்டுக்கொண்டிருக்கும். இந்த அழைப்பில் ‘வருவீங்களா?’ என்று கேட்பதில் பலனில்லை. நம்மூரில் அந்தக் கேள்விக்கு ‘வர்றேங்க மேடம்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூடப் ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘வர்றேன்’ என்று சொல்லும் மொழி நம்முடையது. அந்தச் சொல்லை வைத்து வருகையைக் கணக்கிட முடியாது. கேட்க வேண்டியது வேறு: “வீட்ல சொல்லிட்டீங்களாம்மா? அவங்க என்ன சொன்னாங்க? இந்த ஒரு மாசத்துல வீட்ல முடிக்கவேண்டிய வேலை ஏதாச்சும் இருக்கா?” தறியின் சங்கதி அப்போதுதான் வெளியே வரும். தறியில் ஏறிய பாவு முடிய ஐந்து வாரம் ஆகும் என்று தெரிந்தால், அவளை அடுத்த வாரத்துப் பயிற்சிக் குழுவுக்கு மாற்றலாம். ஒரு வாரத் தள்ளல் கம்பெனிக்குச் சின்ன விஷயம். கேட்காமல் விட்டிருந்தால் திங்கட்கிழமை காலை ‘பாட்டிக்கு உடம்பு சரியில்ல மேடம்’ என்று ஒரு செய்தி வந்திருக்கும். அதன்பின் அவள் வரவே மாட்டாள். ஒருமுறை பொய் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் கூசும்.

இரண்டாவது அழைப்பு சான்றிதழ்கள் கேட்கும் வாரத்தில். கல்லூரியில் கட்டணப் பாக்கி இருந்தால் சான்றிதழ் கைக்கு வந்திருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருக்கும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, ‘நாளைக்கு அனுப்பிடறேன்’ என்று இரண்டு தடவை தள்ளுவார்கள். எச்.ஆர். மேசையில் இருப்பவர் அதை ஆர்வமின்மை என்று எழுதிவைப்பார். ‘எந்தச் சான்றிதழ் கைல இல்ல? அது வர்ற வரைக்கும் எதைக் கொடுத்தா போதும்னு நான் சொல்றேன்’ என்ற ஒரே வாக்கியம் இந்த முடிச்சை அவிழ்க்கும். இன்னொரு பயமும் இந்த வாரத்தில்தான் வரும்: ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? அப்படி வாங்கி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது முன்பணத்தின் புது உருவம்தான். சரிபார்த்த அன்றே திருப்பித் தருவோம் என்று உறுதி சொல்லி, அப்படியே செய்கிற கம்பெனியைப் பற்றித் தெருவில் பேச்சு பரவும். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அந்தப் பேச்சு உதவும்.

மூன்றாவது அழைப்பு, சேர ஒரு வாரம் இருக்கும்போது. இதுதான் முக்கியமானது. கம்பெனி பஸ் பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் வராது, மெயின் ரோட்டு ஸ்டாப்பில்தான் நிற்கும். காலை ஷிப்டுக்கு விடிவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். இரண்டாவது ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடிந்தால், வீட்டுக்கு வர பதினொன்றைத் தாண்டும். ‘அந்த நேரத்துல ஸ்டாப்பிலிருந்து புள்ளைய யாரு கூட்டிட்டு வர்றது?’ என்று அம்மா கேட்பார். சம்பளம் எவ்வளவு என்பதைவிட இந்தக் கேள்விதான் பல வீடுகளில் முடிவு எடுக்கிறது. அழைப்பவர் இதற்குப் பதிலோடு பேச வேண்டும். அதே தெருவிலிருந்து சேரும் இன்னொரு பெண்ணின் சம்மதத்தோடு இருவரையும் ஒரே ஷிப்டில் போடலாம். முதல் மாதம் பகல் ஷிப்ட் மட்டும் என்று சொல்லலாம். அம்மாவே பேச விரும்பினால், மகளின் அனுமதியோடு அவரிடம் பேசலாம். தேதியையும் இந்த அழைப்பில்தான் சரிபார்க்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து குறித்த திங்கட்கிழமை, காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவையாக இருக்கலாம். அன்று ஊருக்குள் பஸ் வராது. அத்திவரதர் வைபவம் நடந்த 2019இல் ஜூலை தொடங்கி 48 நாள் ஊர்ப் போக்குவரத்தே மாறிக் கிடந்தது. அஷ்டமி, நவமியில் புது வேலை தொடங்க வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். ஆடி பிறக்கட்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆடி போகட்டும் என்பார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று எச்.ஆர். நினைக்கலாம். ஆனால் ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்துவதால் ஆள் வருவார் என்றால் அது மலிவான செலவு.

நான்காவது அழைப்பு முந்தைய நாள், இரண்டு நிமிடம். “நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க? எந்த ஸ்டாப்? ஸ்டாப் வரைக்கும் யாரு கொண்டுவந்து விடறாங்க? கேட்ல வந்ததும் இன்னாரைக் கேளுங்க, இது அவங்க நம்பர்.” இந்தக் கேள்விகளுக்கு ஆதாரம் உண்டு. 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த ஒரு உட்கட்சித் தேர்தலின்போது டேவிட் நிக்கர்சன், டாட் ரோஜர்ஸ் என்ற இருவர் வாக்காளர்களுக்குப் போன் செய்து சோதித்தார்கள். வாக்களிப்பீர்களா என்று மட்டும் கேட்டதில் பெரிய பலன் இல்லை. எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டபோது வாக்களிப்பு சுமார் 4 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. வீட்டில் ஒரே வாக்காளர் இருந்த இடங்களில் பலன் இன்னும் அதிகம். பலர் இருந்த வீடுகளில் அநேகமாக இல்லை. சேர்ந்து வாழும் வீடுகளில் எப்போது போவது, எப்படிப் போவது என்ற பேச்சு ஏற்கனவே நடந்துவிடுகிறது என்பது அதற்கு ஒரு விளக்கம். வீட்டில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பேச்சைப் பேச ஆள் இருக்காது. அதைத்தான் இந்த அழைப்பு ஈடுகட்டுகிறது.

வரமாட்டார் என்பதை எப்படி அறிவது

இந்த அழைப்புகளில் கவனமாகக் கேட்டால் சில அடையாளங்கள் தெரியும். நிறையக் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் வருவார். கேன்டீனில் என்ன போடுவார்கள், பஸ் ஸ்டாப் எது, முதல் சம்பளம் எந்தத் தேதியில், ஷூ அவர்களே கொடுப்பார்களா என்று கேட்கிறவர் மனதளவில் ஏற்கனவே கேட்டுக்குள் வந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ‘சரிங்க சார்’ என்று மட்டும் சொல்பவரிடம்தான் மெதுவாக இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். ‘நான்’ என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ‘வீட்ல பார்க்கணும்’, ‘அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று மாறினால், முடிவு வேறு கைக்குப் போய்விட்டது என்று பொருள். சேரும் தேதியை ஒருமுறை தள்ளுவதில் தவறில்லை. காரணம் சொல்லாமல் இரண்டாம் முறை தள்ளினால், வேறு ஒரு ஆஃபருக்காகக் காத்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஏற்கனவே வேலையில் இருப்பவர் என்றால் பார்க்க வேண்டிய நாள் அவர் ராஜினாமா கொடுத்த மறுநாள். பழைய முதலாளி சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று பேசுவது அன்றுதான். ராஜினாமா கொடுத்துவிட்டேன் என்கிறவர், விடுவிப்புத் தேதியை மட்டும் சொல்லவே மாட்டேன் என்றால், இன்னும் கொடுக்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இவை குறிப்புகள்தான், சாட்சியங்கள் இல்லை. போனை எடுக்காதவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டக் கூடாது. வீட்டில் ஒரே போன் இருக்கலாம், அது தம்பியிடம் இருக்கலாம். இந்தக் குறிப்புகளை வைத்துச் செய்யவேண்டியது ஒன்றே: இன்னும் ஒரு முறை, வேறு நேரத்தில், வேறு கேள்வியோடு பேசுவது.

எதிர்வாதங்கள்

‘சம்மதம் கொடுத்தவர் வளர்ந்த மனிதர். அவரைத் தாஜா செய்து அழைத்துவருவது கம்பெனியின் வேலையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்த வாக்கு இரு தரப்பு வாக்கு. அதைக் கம்பெனிகளே காப்பாற்றாத கதைகளை இளைஞர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லியிருந்த புதிய பட்டதாரிகளிடம் 3.5 லட்சத்துக்குச் சேர முடியுமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022இல் ஆஃபர் வாங்கிய பலர், சேரும் தேதிக்காக 2024 வரை காத்திருந்தார்கள். இதையெல்லாம் செய்தியில் படித்த பெற்றோர், ‘ஒரு ஆஃபரை நம்பாதே, ரெண்டு மூணு கையில வச்சுக்கோ’ என்றுதான் சொல்வார்கள். அது ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டுக்கு வேறு காப்பீடு இல்லை. இடைக்காலத்தில் கம்பெனியிலிருந்து ஒரு மனிதர் பேசினால், தேதியும் சம்பளமும் மாறவில்லை என்று உறுதி சொன்னால், அந்தக் காப்பீட்டின் தேவை கொஞ்சம் குறையும்.

இரண்டாவது எதிர்வாதம் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. சேராவிட்டால் அபராதம் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதிவிட்டால் என்ன? 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டு முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது உண்மைதான். ஆனால் அது சேர்ந்து பணியாற்றியவரைப் பற்றிய வழக்கு. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் நீண்ட நடைமுறையை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. வேலையில் இன்னும் சேராத ஒரு டிரெய்னியை எந்த நீதிமன்றமும் வேலைக்கு வா என்று இழுத்துவராது. அதிகபட்சம் கேட்க முடிவது இழப்பீடு. அதற்கு வழக்குப் போடும் செலவு, ஆயிரம் போன் அழைப்புகளின் செலவைவிட அதிகம். பயமுறுத்தி வரவழைக்கப்பட்டவர் வந்தாலும் இரண்டாவது வாரத்தில் போய்விடுவார். முன்பணத்தின் கதையை நன்றாகத் தெரிந்த ஊரில் இந்த வழியை மறுபடி முயற்சிப்பது வரலாற்றிலிருந்து எதையும் கற்காததற்குச் சமம்.

மூன்றாவது, செலவு. மொத்தமாக ஆள் எடுக்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் நான்கு தடவை பேச யாருக்கு நேரம்? அதனால்தான் இருபது இடத்துக்கு இருபத்தைந்து ஆஃபர் கொடுத்து, வராதவர்களைக் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து பேருக்குத் தலைக்கு நான்கு அழைப்பு, சராசரி பத்து நிமிடம் என்றால் மொத்தம் 1000 நிமிடம், அதாவது பதினேழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒருவரின் இரண்டு நாள் வேலை. ஆஃபரைக் கூட்டிக் கொடுக்கும் முறையில் இருபத்தைந்து பேரும் வந்துவிட்டால் ஐந்து பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவர் வேறு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்தத் தெருவில் அடுத்த தடவை அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களும் பதிலுக்கு மூன்று ஆஃபர் வைத்துக்கொள்வார்கள். வராமல் போகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடே வராமல் போகிறவர்களை உருவாக்குகிறது.

கடைசி எதிர்வாதம்தான் வலுவானது. இன்னொரு கம்பெனி மாதம் மூவாயிரம் கூட்டித் தந்தால் எந்தப் போன் அழைப்பு ஆளைத் தடுக்கும்? தடுக்காது. தடுக்கவும் கூடாது. சம்பளம் குறைவு, வேலை நிலைமை மோசம் என்றால் அதை அழைப்பால் மறைக்க முடியாது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சாலை சில வாரம் மூடிக் கிடந்தது. அதற்குப் பின் எத்தனை இனிமையாகப் பேசியிருந்தாலும், மகளை அனுப்பப்போகும் அம்மா முதலில் விடுதியைப் பற்றித்தான் கேட்டிருப்பார். அதற்குப் பதில் கட்டடமாகத்தான் வர முடியும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதிகளைச் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது அப்படி ஒரு பதில். எச்.ஆர். அழைப்பு ஒரு கண்ணாடி மாதிரி. நாலு பேர் ஒரே காரணத்துக்காகத் தயங்குகிறார்கள் என்றால், அது அந்த நாலு பேரின் குறை இல்லை. பஸ் வழித்தடத்தையோ ஷிப்டையோ மாற்ற வேண்டும் என்று மேலே போய்ச் சொல்ல அழைப்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாதவரைக் கொண்டு நாற்பது அழைப்பு செய்தாலும் அது தொந்தரவு மட்டுமே.

‘இல்லை’ என்று சொல்ல ஒரு வழி

ஆகவே இந்த அழைப்புகளின் வெற்றியை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று எண்களை எழுதிவைக்க வேண்டும்: சேர்ந்தவர்கள், சேரமாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னவர்கள், எதுவும் சொல்லாமல் மறைந்தவர்கள். குறைய வேண்டியது மூன்றாவது எண். பத்து நாளுக்கு முன் ‘வரலைங்க’ என்று சொன்னவரின் இடத்துக்கு இன்னொருவரை அழைக்கலாம். திங்கட்கிழமை காலை மறைந்தவரின் இடம் காலியாகத்தான் கிடக்கும். இரண்டாவது எண் உயர்ந்து மூன்றாவது குறைந்தால், சேர்ந்தவர் எண்ணிக்கை மாறாவிட்டாலும் அது முன்னேற்றம்தான்.

அதற்கு அழைப்பவர் தன் வாயாலேயே ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும்: “வேற நல்ல வாய்ப்பு வந்தா தயங்காமச் சொல்லுங்கம்மா. கோவிச்சுக்க மாட்டோம். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது நீங்க மறுபடி வரலாம்.” இதைச் சொன்னால் இருக்கிறவரும் போய்விடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். போக நினைப்பவர் எப்படியும் போவார். சொல்லிவிட்டுப் போக அனுமதி கிடைத்தால், அவர் போவது கம்பெனிக்கு நேரத்தில் தெரியும், அவருக்கும் போனை அணைத்துவைத்து ஒளிய வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய நெசவாளர் தறியில் உட்கார்ந்தார், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. அவர் பேத்தி கையில் இன்று அந்த வழி இருக்கிறது. அவள் சொல்லும் ‘வர்றேன்’ என்பதற்கு மதிப்பு வருவது அதனால்தான். அந்த மதிப்பை நம்பி, அவளிடம் சரியான கேள்வியைச் சரியான நாளில் கேட்பவருக்கே, திங்கட்கிழமை காலை அவள் எந்த ஸ்டாப்பில் நிற்பாள் என்பது தெரியும்.